உங்க பட்டறைய பாக்க வரலாமான்னு ஓவியர்கிட்ட கேக்குறது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தேடிப் போற புது கியூரேட்டர்களுக்கு

நான் ஓசூர்ல இருக்கேன், பெங்களூர்ல ஒரு சின்ன கேலரிக்கு கண்காட்சி தயார் பண்ணி குடுக்குறேன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி. 2025 ஜூன்ல பாலக்கோடு பக்கத்துல ஒரு ஓவியர பாக்கப் போனேன். கவர்மென்ட் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர், அம்பது வயச தாண்டினவர், கல் குவாரில கிடைக்கிற தூள சலிச்சு பசையோட கலந்து பேப்பர் மேல அடுக்கடுக்கா பூசி வரையறவர். நான் அவருக்கு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் இவ்ளோதான்: "வணக்கம் சார், உங்க ஒர்க்ஸ் பாத்தேன், ரொம்ப நல்லா இருக்கு, ஒரு ஸ்டுடியோ விசிட் வரலாமா, இந்த வாரம் எப்ப ஃப்ரீ?"

அவர் உடனே வாங்கன்னுட்டார். சனிக்கிழமை போய் இறங்கினா ஆறு படம் புதுசா ஃப்ரேம் போட்டு கண்ணாடியோட சுவத்துல மாட்டி இருக்கு, ஷெட்ட கழுவி கோலம் போட்டிருக்காங்க, உள்ள கறிக்குழம்பு கொதிக்குது. ஆறு ஃப்ரேமுக்கு ஒம்போதாயிரம் ரூபா, அவரோட அக்கா சீட்டு எடுத்து குடுத்த பணம். நான் பாக்கணும்னு போனது அவர் தூள் கலந்து சோதிச்சு பாக்குற தாள்களையும் பாதில நிக்கிற படங்களையும், அதெல்லாம் "வர்றவங்க முன்னாடி குப்பையா கிடக்கக் கூடாது"ன்னு கோணிப்பைல கட்டி பரண் மேல போட்டுட்டார். மாட்டி வெச்ச படத்துலயும் கண்ணாடில ஜன்னல் வெளிச்சம் அடிச்சு தூளோட சொரசொரப்பே தெரியல. அவர் நான் வாங்க வந்திருக்கேன்னு நெனச்சிட்டார், நான் டிசம்பர்ல வைக்கப்போற கண்காட்சிக்கு பொருந்துமான்னு பாக்கப் போனேன். மெசேஜ்ல அத நான் சொல்லவே இல்ல, தப்பு முழுக்க என்னோடது.

அதுக்கப்பறம் சரியா கேட்டு ஆகஸ்ட்ல திரும்பப் போனேன். அந்த ரெண்டாவது தடவ என்னென்ன பண்ணேன்னு வரிசையா எழுதறேன், வேற ஒரு குடும்பம் சீட்டுப் பணத்த எடுக்க வேண்டாம்.

1. மொதல்ல உங்களுக்கே நோக்கம் தெளிவா இருக்கணும்

மெசேஜ் டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு தாள்ல ஒரே வரில எழுதுங்க: நான் எதுக்கு போறேன்? என் அனுபவத்துல நாலு காரணம்தான் வருது. ஒண்ணு, தேதி முடிவான குரூப் ஷோவுக்கு படம் தேடுறது. ரெண்டு, தனி ஷோ பத்தி பேசுறது. மூணு, கேலரியோ கேலரிக்கு வர்ற வாடிக்கையாளரோ விலைக்கு வாங்குறது. நாலு, இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, அவரோட வேலைய தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்.

இந்த நாலுல எதுன்னு சொல்றத பொறுத்து அந்த வீட்ல நடக்குற தயாரிப்பே மாறிடும். விலைக்குன்னா முடிஞ்ச படத்த எடுத்து தொடச்சு வைப்பாங்க, விலை யோசிச்சு வைப்பாங்க. குரூப் ஷோன்னா கருப்பொருளுக்கு பொருந்தற படத்த தேடுவாங்க. தெரிஞ்சிக்கத்தான்னா பழைய நோட்டு, சோதனைத் தாள் எல்லாத்தையும் எறக்கி வைப்பாங்க. நீங்க சொல்லலன்னா விலைக்குத்தான்னு எடுத்துப்பாங்க, ஏன்னா இந்தப் பக்கம் ஒரு ஓவியர் வீட்ட தேடி பெங்களூர்லேர்ந்தோ சென்னைலேர்ந்தோ ஆள் வர்றதே அபூர்வம், வர்றவங்க காரணம் இல்லாம வருவாங்களான்னுதான் தோணும்.

நாலாவது காரணம்னா அத வெளிப்படையா சொல்ல கூச்சப்படாதீங்க. "இப்ப கையில ஷோ எதுவும் இல்ல சார், வருங்காலத்துக்கு தெரிஞ்சி வெச்சிக்கத்தான் வர்றேன்"னு சொன்னா யாரும் கோச்சிக்கறதில்ல. மறைச்சு வெச்சி போய், அப்பறம் ஆறு மாசம் பதில் இல்லாம விடறதுதான் அவங்களுக்கு வலிக்கும்.

2. வார்த்தைய பாத்து போடுங்க

இங்க ஸ்டுடியோன்னா போட்டோ ஸ்டுடியோதான். மாஸ்டரோட அக்கா என் மொத மெசேஜ படிச்சிட்டு "எந்த ஸ்டுடியோவுக்கு நீங்க போகணும்?"னுதான் அவர்கிட்ட கேட்டாங்களாம். சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரில படிச்சவங்களுக்கு ஸ்டுடியோ விசிட்னா புரியும், ஆனா போன எடுத்து படிக்கறது அவங்க பொண்ணாவோ சம்சாரமாவோ இருக்கலாம். அதனால "நீங்க வேலை பாக்குற எடத்த, உங்க ஷெட்ட பாக்கணும்"னு எழுதுங்க, சிற்பிங்கன்னா பட்டறைன்னே எழுதுங்க.

கியூரேட்டர்ங்கற வார்த்தைக்கும் பக்கத்துலயே ஒரு விளக்கம் வேணும்: "கண்காட்சிக்கு படங்கள தேர்ந்தெடுத்து அடுக்கி வைக்குற வேலை." அப்பறம் "ஷோ பண்ணலாம்", "சேந்து வேலை செய்யலாம்"ங்கற மாதிரி இழுத்து விடற வார்த்தைங்க வேணாம், இதெல்லாம் உறுதி குடுத்த மாதிரி கேக்கும்.

3. கையில வெச்சிக்க வேண்டிய பேப்பர்கள்

மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடியே இதெல்லாம் தயாரா இருக்கணும், கேட்டதுக்கப்பறம் தேடுனா நம்பிக்கை போயிடும்.

கண்காட்சி பத்தி ஒரு பக்கக் குறிப்பு, தமிழ்ல. கருப்பொருள் என்ன, எங்க, எந்த தேதிலேர்ந்து எது வரைக்கும், எத்தன பேர் கலந்துக்குறாங்க, ஒருத்தருக்கு சுமாரா எத்தன படம். என்கிட்ட இங்கிலீஷ்ல இருந்தத உக்காந்து தமிழ்ல எழுதறப்பதான் கருப்பொருள் பாதி எனக்கே புரியலன்னு தெரிஞ்சது, ரெண்டு நாள் ஆச்சு.

கேலரியோட லெட்டர்ஹெட்ல உங்க பேரோட ஒரு கடிதம், இதுக்கு முன்னாடி நடந்த கண்காட்சி போட்டோ மூணு நாலு. கண்காட்சின்னு சொல்லி ஓவியர்ங்ககிட்ட படத்த வாங்கிட்டுப் போய் திருப்பித் தராம விட்ட கதை இந்தப் பக்கம் பலர்கிட்ட இருக்கு, அதனால நீங்க யாருன்னு சரிபாத்துக்க அவங்களுக்கு ஏதாவது வேணும்.

சுவர் அளவு. இத நெறைய பேர் விட்டுடறாங்க. எங்க கேலரில நீளமான சுவர் 24 அடி, உயரம் 9 அடி, ஆனா மாடிப்படி திருப்பத்துல 6 அடிக்கு மேல எதையும் திருப்பி ஏத்த முடியாது. மாஸ்டர்கிட்ட 7-க்கு 5 அடில ஒரு கேன்வாஸ் இருக்கு. மொதல்லயே சொல்லியிருந்ததால "இது வராதுல்லம்மா"ன்னு அவரே தள்ளி வெச்சிட்டார்.

காசு விவரம் ஒரு சின்ன தாள்ல: வித்தா கேலரிக்கு எத்தன சதவீதம், ஃப்ரேம் யார் செலவு, வண்டி யார் செலவு, வழில சேதமானா யார் பொறுப்பு. கேலரிங்க பொதுவா 30-லேர்ந்து 50 சதவீதம் எடுக்குறாங்க. இத மொத மெசேஜ்ல போட வேண்டியதில்ல, ஆனா கேட்ட நிமிஷம் காட்டணும்.

கடைசியா போட்டோ எடுக்க சம்மதம். நேர்ல போய் போன நீட்டாதீங்க, மெசேஜ்லயே கேளுங்க, எதுக்குன்னும் சொல்லுங்க. படம் வித்துப் போயிருந்தாலும் எழுத்துல மாத்திக் குடுக்காத வரைக்கும் காப்பிரைட் வரஞ்சவங்ககிட்டதான் இருக்கும் (காசு குடுத்து ஆர்டர் பண்ணி வரைய வெச்ச படத்துக்கு சட்டம் வேற மாதிரி). "தேர்வு பண்றதுக்கு எனக்கும் கேலரி ஓனருக்கும் மட்டும், வெளில போடமாட்டோம்"னு நான் எழுதிக் குடுத்தேன். அதுக்கப்பறம்தான் பாதில நிக்கிற படத்த எல்லாம் போட்டோ எடுக்க விட்டார்.

4. தேதி குடுக்குறது

"எப்ப ஃப்ரீ?"ன்னு கேக்கக் கூடாது. கேட்டா "எப்ப வேணா வாங்க"ன்னுதான் பதில் வரும். இங்க வீட்டுக்கு வர்றேன்னு ஒருத்தர் சொன்னா வேணாம்னு சொல்ற பழக்கம் இல்ல, அசௌகரியம்னாலும் வாங்கன்னுதான் சொல்லுவாங்க. மூணு தேதி குடுங்க, மூணும் குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் தள்ளி இருக்கட்டும், எந்த தேதிக்குள்ள பதில் வேணும்னும் சொல்லுங்க, மூணுமே ஒத்து வரலன்னா வேற தேதி சொல்ல ஒரு வரி வைங்க.

தேதிய எடுக்குறதுக்கு கூகுள் காலண்டர் பத்தாது, வீட்ல ஆணில மாட்டி இருக்குற தினக் காலண்டர பாருங்க. ஜூலை 19 நான் மெசேஜ் எழுதறப்ப மொத தேதியா ஆகஸ்ட் 3 ஞாயிறு போட்டிருந்தேன். அம்மா எட்டிப் பாத்துட்டு "அன்னிக்கு ஆடி 18 டி"ன்னாங்க. அன்னிக்கு ஒகேனக்கல் பக்கம் போற பஸ்ஸு, வண்டி எல்லாம் நிறைஞ்சிடும், ஓவியர் குடும்பமே ஆத்தங்கரைல இருக்கும். அத எடுத்துட்டேன். ஆகஸ்ட் 14, 15 சுத்தமா வேணாம், டிராயிங் மாஸ்டர்னா சுதந்திர தின மேடை, கோலப்பொடி, சார்ட் எல்லாம் அவர் தலைலதான் விழும். ஆவணி பொறந்துட்டா முகூர்த்தம் ஆரம்பிச்சிடும், அதையும் காலண்டர்ல பாத்துக்கணும். ஸ்கூல்ல வேலை பாக்குறவங்கன்னா சனி ஞாயிறுதான், வார நாள் கேட்டா அவங்க லீவு போடணும்.

நேரம் இன்னொண்ணு. மாஸ்டரோட ஷெட் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கெழக்குப் பக்கம் ஒரே ஜன்னல். காலைல ஏழரைலேர்ந்து ஒம்போது வரைக்கும் சாஞ்ச வெளிச்சம் வரும், கல் தூளோட மேடு பள்ளம் அப்பதான் தெரியும், பதினோரு மணிக்கு மேல உள்ள நிக்கவே முடியாது. ஜூன்ல நான் போனது பன்னண்டரைக்கு. அதனால "எந்த நேரத்துல வெளிச்சம் நல்லா இருக்கும்?"னு ஒரு கேள்வி கேளுங்க, அது அவங்களுக்குத்தான் தெரியும். கிரைண்டர் வெச்சி கல் செதுக்கறவங்க பட்டறைன்னா கரண்ட்டும் பாக்கணும். மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் காலைல நிறுத்தினா சாயங்காலம்தான் வரும், முன்னாடி நாள் பேப்பர்ல எந்தெந்த ஊருன்னு போடுவாங்க.

எவ்ளோ நேரம், எத்தன பேருன்னும் சொல்லிடணும். ஒன்றரை மணி நேரம் போதும். எத்தன பேர் வர்றோம்ங்கறது சாப்பாட்டுக் கணக்கு, அத மறக்காதீங்க.

5. நான் அனுப்பின மெசேஜ்

ரெண்டாவது தடவ அனுப்பினத அப்படியே போடறேன், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

> வணக்கம் மாஸ்டர். ஜூன்ல வந்தப்ப நான் எதுக்கு வர்றேன்னு சரியா சொல்லாததுனால உங்களுக்கு செலவும் அலைச்சலும் ஆயிடுச்சு, மன்னிக்கணும். இப்ப தெளிவா சொல்றேன்.
>
> டிசம்பர் 6-லேர்ந்து பெங்களூர்ல எங்க கேலரில மண்ணும் கல்லும் வெச்சி வேலை செய்யற அஞ்சு பேரோட கண்காட்சி இருக்கு. நாலு பேர் முடிவாயிட்டாங்க. அஞ்சாவது ஆளா உங்கள கேக்கலாமான்னு பாக்கத்தான் வர்றேன். இது உறுதி இல்ல, பாத்துட்டு கேலரி ஓனர்கிட்ட பேசி செப்டம்பர் 10-க்குள்ள ஆமா இல்லன்னு நானே போன்ல சொல்றேன். படம் வாங்க வரல.
>
> நான் பாக்க விரும்பறது: நீங்க தூள் கலந்து சோதிச்சு பாத்த தாள்கள், பாதில நிக்கிற படங்கள், அந்த கோணிப்பைல இருக்கறது. புதுசா எதுவும் வரைய வேண்டாம், ஃப்ரேம் போட வேண்டாம், எடத்த சுத்தம் பண்ண வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும்.
>
> தேதி: ஆகஸ்ட் 10 ஞாயிறு, ஆகஸ்ட் 17 ஞாயிறு, ஆகஸ்ட் 23 சனி. மூணுமே காலை 7:30-லேர்ந்து 9 வரை. வேற நேரத்துல வெளிச்சம் நல்லா இருந்தா சொல்லுங்க. நான் ஒருத்திதான் வர்றேன், டிபன் முடிச்சிட்டு வந்துடுவேன், டீ மட்டும் போதும். பயணச் செலவு கேலரியோடது.
>
> தேர்வுக்காக மட்டும் போட்டோ எடுக்கலாமா? வெளில எங்கயும் போடமாட்டேன். கண்காட்சி குறிப்பும் சுவர் அளவும் இதோட அனுப்பியிருக்கேன். ஜூலை 26-க்குள்ள எந்த தேதின்னு சொன்னா போதும். மூணும் தோதுப்படலன்னா உங்க தேதிய சொல்லுங்க.

நீளமா இருக்கேன்னு தோணும். இருக்கட்டும். அனுப்பிட்டு அன்னிக்கே சாயங்காலம் ஒரு போன் போட்டு "மெசேஜ் அனுப்பியிருக்கேன் மாஸ்டர், மெதுவா படிச்சிட்டு சொல்லுங்க"ன்னேன். போன்ல தேதிய முடிவு பண்ணாதீங்க, பேச்சுல சரின்னுடுவாங்க. வீட்ல கலந்து பேச அவங்களுக்கு நேரம் வேணும்.

6. பதில சரியா படிக்கணும்

"எப்ப வேணா வாங்க"ன்னு வந்தா தேதி முடிவாகலன்னு அர்த்தம், "அப்ப 17 காலைல ஏழரைக்குன்னு வெச்சிக்கட்டுமா?"ன்னு திருப்பிக் கேளுங்க. "பாக்கலாம்மா"ன்னு வந்தா அந்த தேதி தோதில்ல, வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, நீங்களே வேற தேதி குடுங்க. "எத்தன படம் ரெடி பண்ணணும்?", "ஃப்ரேம் போட்டு வைக்கட்டுமா?"ன்னு கேட்டா ஷோ உறுதின்னு நெனச்சிட்டாங்க, அந்த நிமிஷமே போன் பண்ணி வேணாம்னு சொல்லுங்க, ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டா காலைல அவங்க ஃப்ரேம் கடைல நிப்பாங்க. விலைப்பட்டியல் போட்டோ எடுத்து அனுப்பினாலும் அதேதான்.

மாஸ்டர் எனக்கு அனுப்பின பதில்: "10 அன்னிக்கு ஊர்ல மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறாங்க, 17 வாங்க. கோணிப்பைய எறக்கிட்டேன்." அந்த ரெண்டாவது வரி வந்தப்பதான் என் மெசேஜ் போய் சேந்துடுச்சுன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

7. செலவு யாரோடது

போக வர உங்க செலவு, இதுல பேச்சே இல்ல. ஓசூர்லேர்ந்து ராயக்கோட்டை வழியா பாலக்கோட்டுக்கு பஸ் இருக்கு, ரயிலும் இருக்கு, ஆனா காலை ஏழரைக்கு ஒரு கிராமத்துல நிக்கணும்னா வண்டி வேணும். எனக்கு கார் வாடகை, டிரைவர் படி எல்லாம் சேத்து மூவாயிரத்த தாண்டிச்சு. கேலரிகிட்ட இத முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க, பின்னாடி கேட்டா இழுக்கும்.

பட்டறைய பாக்க வர்றதுக்குன்னு ஓவியருக்கு காசு குடுக்குற வழக்கம் பெரும்பாலும் இல்ல. ஆனா தினக்கூலி வேலைய விட்டுட்டு உங்களுக்காக உக்காந்திருந்தா அந்த நாள் கூலிய குடுக்குறதுதான் நியாயம்னு நான் நெனைக்கிறேன், அதையும் மெசேஜ்லயே சொல்லிடுங்க, நேர்ல நீட்டினா வாங்க மாட்டாங்க. ஜூன்ல ஆன ஒம்போதாயிரத்த கேலரி தரமாட்டேன்னுடுச்சு, எழுத்துல எதுவும் இல்லன்னு காரணம். நான் ரெண்டு தவணையா அக்கா கையில குடுத்தேன், மாஸ்டர் கையில குடுத்தா வாங்கியிருக்க மாட்டார்.

8. முன்னாடி நாளும் பின்னாடி நாளும்

முன்னாடி நாள் சாயங்காலம் ஒரு வரி: "நாளைக்கு ஏழரைக்கு வர்றேன், நான் மட்டும்தான், லொகேஷன் இதானே?" கிராமத்துல மேப் காட்டற புள்ளி வேற தெருவுல நிக்கும், பக்கத்துல என்ன கோயில், என்ன கடைன்னு கேட்டு வெச்சிக்கோங்க.

போய்ட்டு வந்த மறுநாளே நன்றி சொல்லி, என்னென்ன பாத்தீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. சொன்ன தேதிக்கு பதில் சொல்லியே ஆகணும், இல்லன்னாலும் சொல்லணும், போன்ல சொல்லணும். கேலரி ஓனர் இழுத்தடிச்சா "இன்னும் முடிவாகல, இன்னும் ஒரு வாரம்"னாவது அந்த தேதிலயே சொல்லிடுங்க.

படம் எடுக்குறதுன்னா பேக்கிங், ஒப்பந்தம், வண்டி, ஃப்ரேம் எல்லாத்துக்கும் சேத்து மூணு மாசம் வேணும், நடுவுல தீபாவளி வந்தா ஃப்ரேம் கடையும் லாரியும் பத்து நாள் கிடைக்காது. அதனாலதான் டிசம்பர் ஷோவுக்கு ஆகஸ்ட்லயே போனேன்.

செப்டம்பர் 9 ராத்திரி மாஸ்டருக்கு போன் பண்ணேன். கோணிப்பைலேர்ந்து எடுத்த பதினோரு சோதனைத் தாள், ஓரத்துல அவர் பென்சில்ல எழுதி வெச்ச கலவைக் கணக்கோட, கண்ணாடி இல்லாம அப்படியே சுவத்துல பின் பண்றதுன்னு முடிவாயிருந்துச்சு. ஃப்ரேம் போட்ட ஆறுல ஒண்ணு கூட எடுக்கல, அதையும் அந்த போன்லயே சொல்லிட்டேன்.